சம்பள அட்வான்ஸ் ஆப்: "வட்டியே இல்லை" என்று சொல்லி என்னிடம் எடுத்த 2,693 ரூபாய்

இன்று காலை மறுபடியும் 99 ரூபாய் போயிருக்கிறது. வாங்கிய பணம் முழுவதையும் கட்டியாகிவிட்டது, போனிலிருந்து ஆப்பையும் நீக்கியாகிவிட்டது. அப்படியும் சந்தா என்று 99. இதோடு சேர்த்து மொத்தம் 2,693 ரூபாய். ஒரு சமயத்தில் 4,000 ரூபாய்க்கு மேல் நான் அவர்களிடம் வாங்கியதே கிடையாது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதி விஷயத்தை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். இந்த மாதிரி ஆப்களில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆப்பின் பெயரை இங்கே போடப் போவதில்லை. மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே, அதுவரை வேலை செய்த நாட்களுக்கான பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, சம்பளம் வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிற வகை. இதில் இரண்டு விதம் உண்டு. நாம் வேலை பார்க்கும் நிறுவனமே ஒரு சேவையோடு ஏற்பாடு செய்து, முன்பணத்தைச் சம்பளப் பட்டியலிலேயே கழித்துக்கொண்டு மீதியைப் போடுவது ஒன்று. நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஆப் நேரடியாக நம் வங்கிக் கணக்கைப் பார்த்து, சம்பளம் எப்போது வருகிறது என்று கணித்துப் பணம் கொடுத்து, ஆட்டோ டெபிட் மூலம் எடுத்துக்கொள்வது இன்னொன்று. எனக்கு நடந்தது இரண்டாவது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பின்னால் தெரியும்.

சம்பளத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது குழந்தைக்குப் பல் சிகிச்சை. 4,000 ரூபாய் குறைந்தது. ஆப்பைத் திறந்ததும் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் இருந்தது: "இது கடன் அல்ல. வட்டி இல்லை. நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்த பணம்." அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. யாரிடமும் கை நீட்டவில்லை, என் பணத்தை நானே எடுக்கிறேன் என்று தோன்றியது. வங்கிக் கணக்கைப் பார்க்க அனுமதி கேட்டார்கள், கொடுத்தேன். ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் பணம் வந்துவிட்டது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர்கள் மேல் எனக்கு நன்றியுணர்வுதான் இருந்தது, அதுதான் இப்போது வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது.

வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேறு மூன்று வழியில் வாங்குகிறார்கள். முதலாவது உடனடிப் பரிமாற்றக் கட்டணம், 75 ரூபாய். இலவசமாகவும் வாங்கலாம், ஆனால் மூன்று வேலை நாள் ஆகும். அந்த வரி கீழே சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், "உடனடி" என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அவசரத்துக்கு வருகிறவர்களிடம் அவசரத்துக்கென்று தனி விலை! இரண்டாவது டிப்ஸ். "எங்கள் குழுவுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று 25 ரூபாய் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அதைப் பூஜ்யமாக்க வேண்டுமென்றால் "வேறு தொகை" என்பதற்குள் போய் நாமே 0 என்று தட்ட வேண்டும். மூன்றாவது மாதச் சந்தா 99 ரூபாய், அது இல்லாமல் எடுக்கவே முடியாது.

இதற்கு மேல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு முறைக்கு 2,000 ரூபாய்தான் எடுக்க முடியும். 4,000 வேண்டுமென்றால் இரண்டு முறை எடுக்க வேண்டும். கட்டணமும் டிப்ஸும் இரண்டு முறை. ஆக 200 ரூபாய், சந்தாவோடு 299. நான்காயிரத்துக்கு 299 என்பது ஏழரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது ஒரு வருடத்துக்கு அல்ல, பத்து நாளைக்கு. கட்டணத்தை வாங்கிய தொகையால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, நாட்களால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 273 சதவீதம் வருகிறது. கடன் அட்டை வட்டி இதற்குப் பக்கத்தில்கூட வராது. வட்டி என்று பெயர் வைக்காததால் இந்த எண்ணை அவர்கள் திரையில் எங்கேயும் காட்டவில்லை.

கட்டணம் நிலையாக இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. சம்பளத்துக்கு 20 நாள் முன்னால் 2,000 எடுத்தாலும் 100 ரூபாய், மூன்று நாள் முன்னால் எடுத்தாலும் அதே 100 ரூபாய். முதலாவது ஆண்டுக்கு 91 சதவீதம், இரண்டாவது 608 சதவீதம். மூன்று நாள் மட்டும்தானே, சமாளித்துவிடலாம் என்று எடுக்கிறோமே, அதுதான் இருப்பதிலேயே விலை அதிகம். சிறிய தொகை எடுத்தாலும் இதே கதைதான்.

அடுத்த மாதச் சம்பளம் 30,000 வந்ததும் 4,299 போய்விட்டது. மீதி 25,701. வாடகையும் பள்ளிக் கட்டணமும் குறையவில்லையே? மாதக் கடைசியில் அதே 4,000 மறுபடி குறைந்தது. மறுபடி ஆப். இப்படி ஐந்து மாதம். ஐந்து தடவை உதவி கிடைத்தது போல இருக்கும். ஆனால் எழுதிப் பார்த்தால், எனக்கு உண்மையில் புதிதாகக் கிடைத்த பணம் முதல் மாதத்து 4,000 மட்டும்தான். பிறகு ஒவ்வொரு மாதமும் என் சம்பளத்தில் அவர்கள் எடுத்த அதே 4,000-ஐத்தான் எனக்கே திரும்பக் கொடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் 299 வாங்கிக்கொண்டு. அப்படிப் போனது 1,495 ரூபாய். இந்தச் சேவை என்றைக்கோ ஒரு நாள் வரும் அவசரத்துக்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். அவர்களுக்கு வருமானம் வருவது மாதா மாதம் திரும்பி வருகிறவர்களிடமிருந்து.

ஐந்தாவது மாதம் எங்கள் அலுவலகத்தில் கணக்கு மென்பொருளை மாற்றினார்கள். சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனது. அன்று கணக்கில் இருந்தது 312 ரூபாய். என் கணக்கைப் பார்க்கும் அனுமதி அவர்களிடம் இருக்கிறது. சம்பளம் வரவில்லை என்பதும் 312 ரூபாய்தான் இருக்கிறது என்பதும் அவர்களால் பார்க்க முடியும். இருந்தும் முதல் தேதி காலையில் டெபிட் அனுப்பினார்கள். இரண்டு முறை எடுத்ததால் இரண்டு டெபிட், இரண்டும் பவுன்ஸ். மறுநாள் மறுபடியும் இரண்டு, அதுவும் பவுன்ஸ். ஒவ்வொன்றுக்கும் வங்கி 250 ரூபாய் போட்டது. ஆயிரம் ரூபாய்! அதற்கு அடுத்த நாள் சம்பளம் வந்தது, ஆப் தன் பணத்தை முழுதாக எடுத்துக்கொண்டது, வங்கி தன் ஆயிரத்தை எடுத்துக்கொண்டது.

நிறுவனம் வழியாக வரும் வகையில் இப்படி நடக்காது. சம்பளம் தாமதமானால் கழிப்பதும் தாமதமாகும், ஏனென்றால் பணம் நம் கணக்குக்கு வருவதற்கு முன்பே கழித்துவிடுகிறார்கள். பவுன்ஸ் ஆக எதுவும் இல்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "ஒப்புக்கொண்ட தேதியில்தான் டெபிட் அனுப்பப்பட்டது" என்று பதில். சம்பளம் வராதது உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டால், "வங்கிக் கட்டணம் வங்கி விதித்தது, வங்கியிடம் கேளுங்கள்." வங்கிக்குப் போனேன். அங்கே இருந்தவர், "சார், அவங்க அனுப்பினாங்க, பணம் இல்லை, திருப்பினோம். அவங்களைத்தான் கேட்கணும்" என்றார். திரும்ப ஆப்பிடம் வந்தால் வேறொருவர் பேசுகிறார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார். டிப்ஸைப் பற்றிக் கேட்டேன். "அது நீங்கள் விரும்பிக் கொடுத்தது, திருப்பித் தர இயலாது." மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு செய்தி வந்தது, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி.

அதற்கப்புறம்தான் ஆப்பை நீக்கினேன். அதன் பிறகும் இரண்டு மாதமாகச் சந்தா, 198 ரூபாய். கேட்டால், "ஆப்பை நீக்கினீர்கள், சந்தாவை ரத்து செய்யவில்லை" என்கிறார்கள். ரத்து செய்யும் இடம் ஆப்புக்குள் இருக்கிறது. 1,495, 1,000, 198. கூட்டினால் 2,693 ரூபாய். 4,000 ரூபாய் பல் சிகிச்சைக்கு 2,693 ரூபாய்.

என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். வங்கி மூடுவதற்குள் போக வேண்டியிருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் உங்கள் நிறுவனத்திலேயே சம்பள முன்பணம் கிடைக்குமா என்று கேளுங்கள், பல இடங்களில் கட்டணமே இல்லாமல் கொடுப்பார்கள். ஆப்தான் என்றால் மூன்று நாள் காத்திருந்து இலவச வழியில் எடுங்கள், டிப்ஸில் 0 போடுங்கள். டெபிட் தேதி உங்கள் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பிந்தி இருக்கட்டும். அதை மாற்ற விடாத ஆப் வேண்டாம். ஏற்கெனவே சுழலில் இருந்தால் அடுத்த மாதம் இரண்டு முறை எடுப்பதற்குப் பதில் ஒரு முறை எடுங்கள், அதற்கடுத்த மாதம் எடுக்காதீர்கள். சம்பளம் தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே ஆப்புக்கு எழுத்தில் சொல்லி டெபிட்டை நிறுத்தச் சொல்லுங்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள். வெளியே வரும்போது, கடைசித் தவணை முடிந்ததும் முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், பிறகு வங்கியில் ஆட்டோ டெபிட் ஒப்புதலை ரத்து செய்யுங்கள், கணக்கைப் பார்க்கும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆப்பை நீக்க வேண்டும். நான் இப்போது அந்த ஒப்புதலை ரத்து செய்யத்தான் வங்கிக்குப் போகிறேன்.