வகைக்கெழுவா, வீழலா: மீச்சிறு வர்க்க முறைக்கு இரு வழிகள்

`y = Xb + e` என்ற மாதிரியில் எச்சங்களின் வர்க்கக் கூடுதலை மிகச் சிறியதாக்கும் `b` எது என்ற கேள்விக்கு இரண்டு வழிகளில் விடை காணலாம். இரண்டும் ஒரே சமன்பாட்டில்தான் போய்ச் சேர்கின்றன. ஆனால் தொப்பி அணி என்ன செய்கிறது என்பதை விளக்குவதில் இரண்டும் சமமானவை அல்ல.

முதல் வழி நுண்கணிதத்தினுடையது. வர்க்கக் கூடுதலை விரித்தெழுதி, `b`-ஐப் பொறுத்து வகையிட்டு, கிடைப்பதைச் சுழியத்துக்குச் சமப்படுத்த வேண்டும்.

```
S(b) = yᵀy − 2bᵀXᵀy + bᵀXᵀXb
−2Xᵀy + 2XᵀXb = 0
XᵀXb = Xᵀy
```

இரண்டாம் வகைக்கெழுவான `2XᵀX` மிகைத்தன்மை உடையது என்று காட்டினால் இது சிறுமப் புள்ளி என்பதும் உறுதியாகிறது. `X`-இன் நிரல்கள் நேரியல் சார்பற்றவையாக இருந்தால் அது அவ்வாறே அமையும். பிழையற்ற வழிதான், ஆனால் அணிகளை வகையிடும் விதிகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கே எளிது.

இரண்டாம் வழி வடிவியலினுடையது. `b` எந்த மதிப்பை எடுத்தாலும் `Xb` என்பது `X`-இன் நிரல்கள் பரப்பும் வெளிக்குள்ளேயே இருக்கும். `y` பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். வெளியே உள்ள புள்ளியிலிருந்து ஒரு தளத்துக்கு மிகக் குறுகிய தூரம் செங்குத்துத் தூரமே என்பதால், எச்ச வெக்டர் ஒவ்வொரு நிரலுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும்: `Xᵀ(y − Xb) = 0`. இதுவே மேலே கண்ட சமன்பாடு. வேறு எந்த `c`-ஐ எடுத்தாலும் பிதாகரஸ் தேற்றப்படி வர்க்கக் கூடுதல் `‖X(b − c)‖²` அளவுக்குக் கூடுமே தவிரக் குறையாது. இரண்டாம் வகைக்கெழுவுக்கு இங்கே வேலையே இல்லை. இவற்றை நாம் ‘இயல்நிலைச் சமன்பாடுகள்’ என்று அழைப்பது சற்றே வழிதவறச் செய்கிறது. இங்கே ‘நார்மல்’ என்பதை, செங்கோடு என்னும்போது நாம் கொள்ளும் செங்குத்துப் பொருளில் படிப்பதே பொருத்தம்.

`b`-ஐத் தீர்த்து `Xb`-இல் இட்டால் `ŷ = Hy` என்றாகிறது, இதில் `H = X(XᵀX)⁻¹Xᵀ`. `y`-இன் தலையில் தொப்பி வைப்பதால் இதற்குத் தொப்பி அணி என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜான் டூக்கி. முதல் வழியில் வந்தவருக்கு இது ஒரு நீண்ட பெருக்கல் கோவை மட்டுமே. இரண்டாம் வழியில் வந்தவருக்கோ இது `y`-இன் வீழலைத் தரும் அணி: ஒருமுறை வீழ்த்தியதை மீண்டும் வீழ்த்தினால் எதுவும் மாறாது என்பதால் `HH = H` என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இதன் பயனை எண்களில் பார்ப்போம். `x` மதிப்புகள் 0, 1, 2, 9. `y` மதிப்புகள் 1, 3, 5, 3. மாறிலிக்கான நிரலையும் சேர்த்தால்:

```
XᵀX = [4 12; 12 86]    Xᵀy = [12; 40]
b = [2.76; 0.08]
```

எச்சங்கள் −1.76, 0.16, 2.08, −0.48. இவற்றை மட்டும் பார்ப்பவர் மூன்றாம் புள்ளியைத்தான் சந்தேகிப்பார். உண்மையில் முதல் மூன்று புள்ளிகளும் `y = 1 + 2x` என்ற கோட்டின் மீது துல்லியமாக அமைந்தவை. கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது நான்காம் புள்ளி. தொப்பி அணியின் நான்காம் நிரை இதைக் காட்டிக்கொடுக்கிறது: −0.11, 0.01, 0.13, 0.97. அதாவது நான்காம் பொருத்த மதிப்பு நான்கு `y` மதிப்புகளின் எடையிட்ட கூடுதல். அதில் தன் சொந்த `y`-க்கு மட்டும் 0.97 எடை. மூலைவிட்ட உறுப்புகள் முறையே 0.43, 0.33, 0.27, 0.97, இவற்றின் கூடுதல் 2, அதாவது மதிப்பிடப்படும் கெழுக்களின் எண்ணிக்கை. `hᵢᵢ` எனக் குறிக்கப்படும் இந்த மூலைவிட்ட உறுப்பையே அப்புள்ளியின் நெம்புதிறன் என்கிறோம்.

ஒரு புள்ளியை நீக்கிவிட்டுப் பொருத்தினால் அது எவ்வளவு விலகும் என்பதை மீண்டும் கணக்கிடாமலே `eᵢ/(1 − hᵢᵢ)` தருகிறது. நான்காம் புள்ளிக்கு −0.48/0.03 = −16. முதல் மூன்று புள்ளிகளின் கோடு `x = 9`-இல் 19 என்று சொல்கிறது, உள்ளதோ 3. எனவே கணக்கு சரி.

ஆகவே தொப்பி அணியைப் புரிந்துகொள்ள வீழல் வழியையே நான் பரிந்துரைப்பேன். வர்க்கத்துக்குப் பதிலாக வேறொரு இழப்புச் சார்பை எடுத்தால் செங்கோணம் பொதுவாகக் கைகொடுக்காது. அங்கே வகைக்கெழு வழிதான் தொடர்ந்து பயன்படும்.

ஒரு வரம்பு உண்டு. `H`-இல் `y` எங்குமே இல்லை. எனவே உயர்ந்த நெம்புதிறன் ஒரு புள்ளி தவறானது என்பதற்குச் சான்றாகாது, தொலைவில் தனித்து நிற்கிறது என்பதையே சொல்கிறது. அந்தத் தனிமை கலைந்தால் எச்சரிக்கையும் மறைந்துவிடும்: `x = 9`, `y = 3` என்ற அதே இடத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்த்தால் இரண்டின் நெம்புதிறனும் சுமார் 0.49-ஆக இறங்குகிறது, அவற்றில் ஒன்றை நீக்கிப் பார்க்கும் விலகலும் 16-இலிருந்து 0.48-ஆகச் சுருங்குகிறது.