இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தினசரிப் பட்டியல்: சுவர்ப் பலகையா, ஆளுக்கொரு தாளா, வாட்ஸ்அப்பா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். 16 பேர் தங்கியிருக்கிறார்கள், பாதிப் பேர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். 7 பேருக்கு இனிப்பு நீர், அதில் 3 பேருக்கு இன்சுலின். இவர்களைத் தினமும் கவனிக்க மூன்று விதமான பட்டியலை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். எது நல்லது என்று மற்ற இல்லத்துக்காரர்களும் ஹாஸ்டல் வார்டன்களும் கேட்பதால், ஒரு இரவை வைத்தே சொல்கிறேன்.

அப்போது எங்களிடம் இருந்தது சுவர்ப் பலகை. சாப்பாட்டு அறையில் பெரிய வைட்போர்டு, இடப்பக்கம் ஏழு பெயர், மேலே 'சீனி அளவு', 'மருந்து/ஊசி', 'பசியாறல்', 'மதியம்', 'இரவு' என்று கட்டங்கள். வேலை முடிந்ததும் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். 78 வயதுப் பாட்டி ஒருவருக்குக் கலவை இன்சுலின், காலை 20 யூனிட், மாலை 14 யூனிட். அன்று பல்வலி. மதியம் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மாலை 6.30க்கு விரலில் குத்திப் பார்த்தால் சீனி அளவு 5.4 mmol/L, அவருக்கு அந்த நேரத்தில் வழக்கமாக 9, 10 இருக்கும். 5.4 நல்ல எண்தானே என்று ஊசி போட்டோம், டிக். ஏழு மணிக்குக் கஞ்சி வைத்தோம், டிக். நாலு ஸ்பூன் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார் என்பது தட்டு எடுத்த பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அவள் 8 மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரவு 2.10க்கு இரவுப் பணியில் இருந்த இந்தோனேசிய அக்கா பாட்டியின் குரல் கேட்டுப் போயிருக்கிறார். எப்போதோ இறந்துபோன தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டு, போர்வையைத் தள்ளிக்கொண்டு இருந்தாராம். கனவு என்று நினைத்துத் திரும்பியவர், உடுப்பு நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மீட்டரை எடுத்திருக்கிறார். 2.8. பலகையிலோ அன்றைய எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.

முதலில் அந்த நேரத்தில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், எந்தப் பட்டியல் வைத்திருந்தாலும் இது ஒன்றுதான். 4க்குக் கீழே வந்தால் தாழ்வு. நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும், பால் ஊற்றிய மைலோவோ சாக்லேட்டோ வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார்கள், 3.6. இன்னொரு கிளாஸ். மறுபடி 15 நிமிடம், 5.2. அதோடு விடவில்லை, கிரீம் கிராக்கர் பிஸ்கட் இரண்டு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள். ஊசி மருந்து இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டுதானே இருக்கும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருபக்கமாகப் படுக்கவைத்து 999க்குப் போன் போட வேண்டும். அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும், அதனால் அப்படி யாராவது இருந்தால் அவர் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

சரி, ஏன் நடுராத்திரியில் இறங்கியது? கலவை இன்சுலினில் ஒரு பகுதி சீக்கிரம் வேலை செய்யும், பெரும்பகுதி மெல்ல வேலை செய்யும். அந்த மெல்ல வேலை செய்யும் பகுதி ஊசி போட்டு நாலு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் பலமாக இருக்கும். மாலை 6.30க்குப் போட்டால் அது முழுக்க இவர் தூங்கும் நேரம். மதியமும் இரவும் சரியாகச் சாப்பிடாத உடம்பில் அது போய் வேலை செய்தால் என்ன ஆகும்? வயதானவர்கள் பலருக்கு நடுக்கம் வருவதற்கு முன்னால் குழப்பம்தான் வருகிறது, சில வகைப் பிரஷர் மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை அவை மறைக்காது. அந்த அக்கா உடுப்பைத் தொட்டுப் பார்த்ததால்தான் பாட்டி பிழைத்தார் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பலகை இங்கே எதைக் காட்டவில்லை என்று பாருங்கள். டிக் என்பது 'செய்தாயா?' என்ற கேள்விக்குப் பதில், 'எவ்வளவு?' என்ற கேள்விக்கு அது பதிலே சொல்லாது. கஞ்சி வைத்தது டிக், கஞ்சி குடிக்காததும் டிக். 5.4 என்ற எண் அவருக்கு வழக்கத்தை விடக் குறைவு என்பதும் தெரியாது, நேற்றைய பலகையை நேற்றே துடைத்தாயிற்று. இன்னொரு கெட்ட பழக்கமும் பலகையால் வந்தது. ஏழு பெயர் வரிசையாக இருந்தால் ஏழு பேரையும் வரிசையாக முடிக்கத்தான் கை போகும், ஒரே குத்தும் பேனாவில் ஊசியை மட்டும் மாற்றி மாற்றி எல்லாருக்கும் குத்தினார்கள். அது கூடவே கூடாது. ஒரே பேனாவைப் பலருக்கும் பயன்படுத்திய இல்லங்களில் ஹெப்படைட்டிஸ் பி பரவியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி பேனாவின் முனையில் தங்கிவிடும். இன்சுலின் பேனாவும் அப்படித்தான், ஊசியை மாற்றினாலும் ஒருவருடையதை இன்னொருவருக்குப் போடக் கூடாது. மீட்டரை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும்.

பலகையில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. யாரும் விடுபடுவதில்லை. புதிதாக வந்த பிள்ளைக்குக்கூட ஒரே பார்வையில் யாருக்கு இன்னும் ஊசி போடவில்லை என்று தெரியும். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இரண்டு தடவை ஊசி போட்டுவிடும் ஆபத்தை அது தடுக்கிறது, அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

அந்த இரவுக்குப் பிறகு ஆளுக்கொரு தாளுக்கு மாறினோம். ஒரு ஏ4 தாளில் ஒருவருக்கு ஒரு வாரம், ஒரு நாளுக்கு ஒரு வரி. டிக் கிடையாது. எண், யூனிட், எவ்வளவு சாப்பிட்டார் (முழு, பாதி, கால், இல்லை), பாதம். பாட்டியின் அன்றைய வரியை அதில் எழுதிப் பார்த்தோம்: 'மதியம் பாதி, மாலை 5.4, ஊசி 14, இரவு கால்.' மேலே ஆறு வரியிலும் 9.2, 10.1, 9.6 என்று இருக்க, இந்த ஒரு வரி மட்டும் தனியாகத் தெரிகிறது. எட்டு மணிக்கே யாருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் முதல் மாதம் அதுவும் சொதப்பியது. ஏழு ஃபைல்களும் அலமாரியில் இருந்ததால், ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், எண்கள் எல்லாம் 7.0, 8.0, 9.0 என்று முழுசாக இருந்தன, நாள் முழுக்க ஒரே பேனா மை, ஒரே கையெழுத்து. மீட்டருக்குள்ளேயே பழைய அளவுகள் தேதி, நேரத்தோடு பதிவாகியிருக்கும், அதைத் தாளோடு வைத்துப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் (பேட்டரி மாற்றினால் மீட்டரின் கடிகாரம் தப்பாகலாம், அதைச் சரிசெய்ய மறக்காதீர்கள்). நான் யாரையும் திட்டவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் அவ்வளவு தூரம் வைத்தது நாங்கள்தான். இப்போது தாள் கிளிப்போர்டில் கட்டில் பக்கத்திலேயே தொங்குகிறது, சாப்பாட்டுக் கட்டத்தைச் சோறு வைத்தவர் எழுதக் கூடாது, தட்டை எடுப்பவர்தான் எழுத வேண்டும். இந்த ஒரு விதியால் வந்த பலன் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

வாட்ஸ்அப் குழு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பதிவுக்கு அது வேண்டவே வேண்டாம். காலை அளவு 11 மணிக்குள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது, யாருடைய எண் யாருடையது என்று குழப்பம் வேறு. ஒரே ஒரு வேலைக்கு வைத்திருக்கிறோம்: விரலிடுக்கில் வெடிப்போ கொப்புளமோ கண்டால் படம் எடுத்துப் பொறுப்பாளருக்குத் தனியாக அனுப்புவது. செருப்பில்லாமல் செம்மண்ணில் நடந்த பாதங்கள், பலருக்கு முள் குத்தினாலும் வலி தெரியாது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் வைத்துப் பார்த்தால் புண் பெரிதாகிறதா என்று தெரியும். அதற்குத் தாளை விடப் படம் நல்லது.

இப்போது பலகையும் இருக்கிறது, தாளும் இருக்கிறது. பலகையில் பெயரும் நேரமும் போட்டவரின் கையெழுத்தும் மட்டும், இரட்டை ஊசியைத் தடுக்க. மற்றதெல்லாம் தாளில். தாளின் தலைப்பில் கிளினிக் டாக்டர் அந்த ஆளுக்கென்று சொன்ன வரம்புகள் இருக்கும், ஏழு பேருக்கும் ஒரே எண் கிடையாது. பாட்டியின் தாளில் இருப்பது இது: மாலை அளவு 4க்குக் கீழே என்றால் ஊசி போடாதே, முதலில் சீனித் தண்ணீர், அப்புறம் கிளினிக்குக்குப் போன். 6க்குக் கீழே, அல்லது மதியம் பாதிக்கும் குறைவாகச் சாப்பிட்டிருந்தால், ஊசிக்கு முன்னால் போன் செய்து கேள். இரவு 10 மணிக்கு ஒருமுறை பார், 7க்குக் கீழே இருந்தால் ரொட்டி ஒரு துண்டு கொடு. டாக்டர் அந்த இரவைக் கேட்டுவிட்டு மாலை யூனிட்டையும் குறைத்தார். நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, சிலருக்கு ஊசியை விட்டாலே ஆபத்து.

அவருடைய ஊசியைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், அதனால் குத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறோம்: "பாட்டி, பசிக்குதா? இன்னைக்குச் சாப்பிட முடியுமா?" அந்தப் பதிலுக்கும் தாளில் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம், தமிழிலும் மலாயிலும், இந்தோனேசிய அக்கா கேட்டு எழுத வேண்டும் என்பதால். போன மாதம் மட்டும் இரண்டு தடவை அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று வந்து, ஊசிக்கு முன்னால் கிளினிக்குக்குப் போன் போயிருக்கிறது.