வயர்லெஸ் சார்ஜரா, கேபிளா: கரண்ட் பில்லும் போன் சூடும்

மடிப்பாக்கத்தில் இருக்கும் அத்தைக்கு, போன தீபாவளிக்கு அவர் மகன் ஒரு வயர்லெஸ் சார்ஜர் வாங்கிக் கொடுத்தான். அத்தைக்கு விரல் மூட்டுகளில் வலி. இருட்டில் கேபிள் முனையைப் போனின் துளையில் பொருத்துவது அவருக்குப் பெரும்பாடு. பேடின் மேல் வைத்தால் போதும் என்றதும் ரொம்பவே சந்தோஷப்பட்டார். ஏப்ரல் பில் வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்பா, இது நிறைய கரண்ட் இழுக்குமாமே? பக்கத்து வீட்டுல சொல்றாங்க. காலையில எடுத்தா போன் வேற சூடா இருக்கு. கேபிளுக்கே மாறிடட்டுமா?"

பில்லைப் பற்றிய பயம் தேவையில்லாதது. சூட்டைப் பற்றி அவர் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டுக்கும் காரணம் ஒரே மின் இழப்பு. ஆனால் மீட்டருக்கு ஒன்றுமே இல்லாத அந்த அளவு, போனுக்குப் பெரிய அளவு.

கேபிளில் இழப்பு எங்கே நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். சுவரில் இருக்கும் அடாப்டர் 230 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாகக் குறைக்கும்போது பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ சூடாகப் போகிறது. போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட்டில் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். வயர்லெஸ்ஸிலும் இந்த இரண்டும் அப்படியே உண்டு. இவற்றுக்கு நடுவில் ஒரு நீண்ட சுற்று சேர்ந்துகொள்கிறது. பேடில் இருக்கும் சர்க்யூட், வந்த மின்சாரத்தை நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரமாக்கிக் கம்பிச்சுருளில் செலுத்துகிறது. அங்கே உண்டாகும் காந்தப்புலம், போனின் முதுகில் இருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. போன் அதை மறுபடி நேர் மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்துகிறது. இதில் முக்கியமானது, அடாப்டரில் ஏற்படும் இழப்பு சுவரைத்தான் சூடாக்கும். பெறும் சுருளிலும் அதை ஒட்டிய சர்க்யூட்டிலும் ஏற்படும் இழப்போ பேட்டரிக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

எவ்வளவு சிந்துகிறது? ஒன்சீரோ என்ற இணைய இதழ் 2020இல் பிக்சல் 4 போனை வைத்து அளந்து பார்த்தது. காலியான போனைக் கேபிளில் நிரப்பச் சுமார் 14 வாட்-மணி ஆனது. வயர்லெஸ்ஸில் சராசரியாக 21 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. போனைச் சற்றுத் தள்ளிக் கோணலாக வைத்தபோது கேபிளைப் போல 1.8 மடங்கு வரை போனது. பேடுக்குப் பேடு இது மாறும் என்றாலும், ஒன்றரை மடங்கு என்பது கணக்குப் போட நியாயமான எண்.

அத்தையின் போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி. அது சுமார் 19 வாட்-மணி கொள்ளும். கேபிளில் நிரப்பினால் பிளக் பாயிண்டிலிருந்து 24 வாட்-மணி இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வயர்லெஸ் என்றால் 35. தினமும் ஒருமுறை முழுக்க நிரப்பினாலும் வித்தியாசம் நாளுக்கு 11 வாட்-மணிதான். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால்தான் ஒரு யூனிட். ஆக, ஒரு வருடம் முழுக்க வீணாவது 4 யூனிட். மேல் படியில் இருக்கும் வீடு என்று எடுத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் போட்டாலும் வருடத்துக்கு 40 ரூபாய். இரண்டு மாத பில்லில் ஏழு ரூபாய் கூட வராது. எப்போதும் கோணலாக வைத்து 1.8 மடங்கு ஆனாலும் வருடத்துக்கு 7 யூனிட்தான்.

இதை அத்தையின் ஏசியோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 1,300 வாட் எடுக்கும். வயர்லெஸ் சார்ஜர் ஒரு நாளில் வீணாக்குவதை அந்த ஏசி அரை நிமிடத்தில் எடுத்துவிடும். பேடு ஒரு வருடத்தில் வீணாக்கும் 4 யூனிட்டை மார்ச் மாத ராத்திரி ஒன்றிலேயே ஏசி தாண்டிவிடும். ஏப்ரல் பில் ஏறியதற்குக் காரணம் அதுதான். கூடத்தில் சுற்றும் பழைய 75 வாட் ஃபேனை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் பன்னிரண்டு மணி நேரத்தில் 540 வாட்-மணி மிச்சமாகும். பேடை மூட்டைகட்டி வைப்பதைவிட ஐம்பது மடங்கு பலன்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கலாம். போன் இல்லாமல் சும்மா கிடக்கும்போதும் பேடு, மேலே ஏதாவது வந்திருக்கிறதா என்று விட்டுவிட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கால் வாட் போனால் வருடத்துக்கு 2 யூனிட். சார்ஜ் செய்யும்போது வீணாவதில் பாதி இது. நம் ஊர் பிளக் பாயிண்டில்தான் சுவிட்ச் இருக்கிறதே, அணைத்துவிட்டால் போதும்.

சரி, பில் கதை அவ்வளவுதான். இனி சூடு.

ஒரு போன் சுமார் 200 கிராம். அதன் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 180 ஜூல் வேண்டும். வயர்லெஸ் இழப்பில் போனுக்குள் விழும் பங்கு 2 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை நிமிடத்தில் 180 ஜூல் சேர்ந்துவிடும். சூடு வெளியேறவே வழியில்லை என்றால் கால் மணி நேரத்தில் பத்து டிகிரி ஏறும். நிஜத்தில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். ஆனால் போக வேண்டும் என்றால் வெளிக்காற்று குளிர்ந்திருக்க வேண்டும். கேபிளில் போட்டால் போனின் முதுகு காற்றுக்குத் திறந்திருக்கிறது. பேடின் மேல் வைத்தால், அந்த முதுகு இன்னொரு சூடான தட்டின் மேல் அழுந்திக் கிடக்கிறது.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதை அளந்தார்கள். கேபிளில் போனின் சராசரிச் சூடு 27 டிகிரியைத் தாண்டவில்லை. வயர்லெஸ்ஸில் 30.5 வரை ஏறியது. கோணலாக வைத்தபோதும் உச்சம் அதே 30.5தான், ஆனால் சீக்கிரமே அங்கே போய்ச் சேர்ந்தது, இறங்க நேரமெடுத்தது. சரியாக வைத்தபோது 55 நிமிடம் நீடித்த சூடு, கோணலாக வைத்தபோது 125 நிமிடம் நீடித்தது.

30.5 டிகிரி என்பது சென்னையில் மே மாத ராத்திரிக் காற்றின் சூடு. அத்தையின் படுக்கையறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி முழுக்க அதைக் கீழே இறக்கும். ஏசி போடாத நாளில் அறை 32, 33 டிகிரியில் இருக்கும். அதற்கு மேல் பேடு ஏற்றுவதும் சேர்ந்தால் பேட்டரி 40 டிகிரியை நெருங்கிவிடும். ஆய்வகத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத மூன்று நான்கு டிகிரி, நம் ஊரில் பேட்டரிக்கு ஆகாத சூட்டில் கொண்டுபோய் விடும் மூன்று நான்கு டிகிரி ஆகிவிடுகிறது.

லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, நூறு சதவீத நிறைவு. இரண்டும் ஒன்றாகச் சேர்வதுதான் மிக மோசம். பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ராத்திரி பத்து மணிக்கு வைத்த போன் ஒரு மணிக்கே நிறைந்துவிடும். விடியும்வரை நிறைந்த நிலையிலேயே வெதுவெதுப்பாகக் கிடக்கும். அத்தை காலையில் தொட்டு உணர்ந்தது இதைத்தான்.

கேபிளும் இதில் சுத்தமான பிள்ளை இல்லை. இப்போது வரும் 67, 80 வாட் சார்ஜர்கள் போனை நன்றாகவே சூடாக்கும். ஆனால் அந்தச் சூடு அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். பேட்டரிக்கு உச்சச் சூட்டைப் போலவே அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் கணக்கு. வேகமான கேபிளா, ராத்திரி முழுக்க பேடா என்றால் நான் கேபிள் பக்கம். பழைய 10 வாட் அடாப்டரோடு கேபிள் என்றால் அதற்கு ஈடே இல்லை.

சூடு கூடினால் போனே தற்காத்துக்கொள்ளும். வயர்லெஸ்ஸில் வாங்கும் வாட்டைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். ஐபோனில் Charging On Hold என்று திரையில் வரும். காலையில் எடுத்தால் 80 சதவீதத்திலேயே நிற்கிறதே என்று பேடைக் குறை சொல்பவர்கள் முதலில் அறையின் சூட்டைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சூட்டைத் தெரிந்துகொள்ள, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவி இருந்தால் வைஃபை வழியாக இணைத்து, போனைப் பேடின் மேல் வைத்தபடி இதைப் போடலாம்:

```
adb shell dumpsys battery
```

temperature என்ற வரியில் 385 என்று வந்தால் 38.5 டிகிரி என்று பொருள். அரை மணி நேரம் கேபிளில், அரை மணி நேரம் பேடில், அதே அறையில் பார்த்தால் உங்கள் போனுக்கான வித்தியாசம் கையில் கிடைத்துவிடும்.

சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தடித்த ரப்பர் பவுச். பின்னால் கார் ஸ்டாண்டுக்காக மகன் ஒட்டியிருந்த இரும்புத் தகடு. பேடு மெத்தையின் மேல், தலையணைக்குப் பக்கத்தில். தகட்டைத்தான் முதலில் எடுத்தேன். காந்தப்புலம் அந்த இரும்பிலேயே மின்சுழலை உண்டாக்கிச் சூடாக்கும். போனுக்குப் போய்ச் சேர வேண்டியதும் குறையும். பவுச்சுக்குள் செருகிய ஏடிஎம் கார்டும் ஆகாது. பவுச் தடித்திருந்தால் இரண்டு சுருளுக்கும் இடைவெளி கூடுகிறது. கோணலாக வைத்ததற்குச் சமம். மெத்தை, பேடின் அடிப்பக்கச் சூட்டை அடைத்து வைக்கிறது.

கேபிளுக்கே மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விரல்களோடு தினமும் துளையைத் தேடுவது சிரமம். அதோடு ஐப்பசி மழையில் நனைந்த போன், துளையில் ஈரம் இருக்கிறது என்று கேபிளை ஏற்க மறுக்கும்போது பேடுதான் கைகொடுக்கும்.

அதனால் பேடை மரமேசைக்கு மாற்றினோம், ஃபேன் காற்று படும் இடமாக. காந்தத்தால் போனைச் சரியான இடத்தில் தானே பிடித்துக்கொள்ளும் க்யூஐ2 வகை பேடு, 2023இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்குப் போனிலும் காந்தம் வேண்டும். அத்தையின் போனில் இல்லை. அதனால் பேடின் மேல் போன் உட்கார வேண்டிய மூலையை வெள்ளை டேப் ஒட்டிக் காட்டினேன். போன் செட்டிங்ஸில் 80 சதவீத வரம்பைப் போட்டுவிட்டேன். ராத்திரி வைப்பதற்குப் பதிலாக, சாயங்காலம் ஏழு மணி சீரியல் பார்க்கும்போது வைத்து, படுக்கப் போகும்முன் சுவிட்சை அணைப்பதாக அத்தை ஒப்புக்கொண்டார்.

"அப்ப பில்லு?" என்றார் விடாமல்.

"ஏசியை 26ல வைங்க அத்தை."