ரோபோவுக்கு வரி போடுவதா, ரோபோ வாங்கத் தரும் சலுகையை வெட்டுவதா?

2017 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பேட்டியில் இப்படிக் கணக்குப் போட்டார். ஆலையில் ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள வேலை செய்பவரின் வருமானத்தில் வருமான வரி, சமூகப் பாதுகாப்பு வரி எல்லாம் பிடிக்கிறார்கள். அதே வேலையை ரோபோ செய்தால், ஏறக்குறைய அதே அளவுக்கு வரி போடலாமே? அந்தப் பணத்தில் முதியோரைக் கவனிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் ஆட்களை அமர்த்தலாம். ஆட்டோமேஷன் வரும் வேகமும் சற்றுத் தணியும்.

அதே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில், லக்சம்பர்க் உறுப்பினர் மாடி டெல்வோ தயாரித்த ரோபோ சட்ட அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. அறிக்கை நிறைவேறியது, அதிலிருந்த ரோபோ வரி யோசனை தோற்றது. ஆனால் ஆகஸ்டில் தென் கொரியா, புது வரி எதுவும் போடாமல், ஆட்டோமேஷன் முதலீட்டுக்குத் தந்துகொண்டிருந்த வரிச் சலுகையைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பத்திரிகைகள் இதையே "உலகின் முதல் ரோபோ வரி" என்று எழுதின.

பெயர் ஒன்றானாலும் இவை இரண்டு வெவ்வேறு வழிகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பெரும்பாலான வாதங்கள் நடக்கின்றன.

நேரடி வரி

இதற்கு ஆதரவான வாதத்தில் உண்மையான வலி இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் டாரன் அசெமோக்லுவும் பாஸ்குவால் ரெஸ்ட்ரெப்போவும் 1990 முதல் 2007 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஆயிரம் தொழிலாளர்களுக்கு ஒரு ரோபோ கூடினால், மக்கள்தொகையில் வேலையில் இருப்போரின் பங்கு 0.2 சதவீதப் புள்ளி குறைகிறது, கூலி 0.42 சதவீதம் இறங்குகிறது என்று கண்டார்கள். தேசிய அளவில் சிறிதாகத் தெரியும் இந்தச் சரிவு ஊருக்கு ஊர் சமமாகப் பரவுவதில்லை. கார், உலோகத் தொழிலை நம்பியிருக்கும் பகுதிகளில்தான் அது குவிகிறது.

எதிர்வாதத்திலும் சரக்கு இருக்கிறது. ஸ்பெயினின் உற்பத்தி நிறுவனங்களைப் பற்றிய ஓர் ஆய்வில், ரோபோ வாங்கிய நிறுவனங்களின் உற்பத்தி நான்கே ஆண்டுகளில் 20 முதல் 25 சதவீதம் கூடியிருந்தது. அங்கே ஆட்களின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்தது. அப்படியானால் வேலை எங்கே போனது? ரோபோ வாங்காத போட்டி நிறுவனங்களிலிருந்து போனது. அமெரிக்க ஆய்வும் ஸ்பெயின் ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கிய நிறுவனத்துக்குள் மட்டும் பார்த்தால் லாபம் தெரிகிறது. வட்டாரம் முழுவதையும் பார்த்தால் இழப்பும் தெரிகிறது. "எங்கள் ஆலையில் ரோபோ வந்த பிறகு யாரையும் அனுப்பவில்லை" என்று ஒரு முதலாளி சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். வேலை இழந்தவர் அடுத்த தெருப் பட்டறைக்காரராக இருப்பார்.

சரி, வரி போடுவதாகவே வைத்துக்கொள்வோம். எதற்குப் போடுவது? நேரடி வரி தடுக்கி விழும் இடம் இதுதான். சர்வதேச அளவில் ரோபோக்களை எண்ணுவதற்கு ஒரு வரையறை உண்டு: தானாக இயங்க வேண்டும், வேறு வேலைக்கு மாற்றி நிரல் எழுத முடிய வேண்டும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில், அதாவது அசைவுத் திசைகளில், அசைய வேண்டும். இந்த வரையறையைச் சட்டத்தில் எழுதினால், இரண்டு அச்சு இயந்திரங்களை இணைத்து அதே வேலையை வாங்கும் வடிவமைப்புகள் சந்தைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமாக, காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மென்பொருளுக்குக் கையும் இல்லை, அச்சும் இல்லை. வெல்டிங் செய்யும் இயந்திரக் கைக்கு வரி, இருபது குமாஸ்தாக்களின் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு வரியில்லை என்றாகிவிடும்.

அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ் கேட்ஸுக்கு எழுதிய மறுப்பிலும் இதுவே மையம். விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தரும் இயந்திரம், தட்டச்சு மென்பொருள், மொபைல் பேங்கிங் எல்லாமே ஆள்வேலையைக் குறைத்தவைதான். ரோபோவை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நேரடி வரி ஆதரவாளர்களிடமிருந்து திருப்தியான பதில் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

சலுகை வெட்டு

கொரியாவில் அப்போது உற்பத்தித் திறனைக் கூட்டும் கருவிகள் வாங்கினால், நிறுவனத்தின் அளவைப் பொறுத்து விலையில் 3 முதல் 7 சதவீதம் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனத்துக்கு 3 சதவீதம். அதில் 2 சதவீதப் புள்ளியை வெட்டினார்கள்.

ஒரு பெரிய நிறுவனம் கொரிய நாணயமான வொன் கணக்கில் 100 கோடிக்கு ரோபோ வரிசை ஒன்றை வாங்குகிறது என்று வைப்போம். முன்பு கட்டவேண்டிய வரியில் 3 கோடி குறையும். ரோபோவின் நிகர விலை 97 கோடி. வெட்டுக்குப் பிறகு 1 கோடிதான் குறையும். நிகர விலை 99 கோடி. அதாவது வாங்குபவருக்கு ரோபோ சுமார் 2 சதவீதம் விலை ஏறியதுபோல. கேட்ஸ் சொன்னது ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொழிலாளியின் வரிக்கு ஈடாக வசூலிப்பது. கொரியா செய்தது வாங்கும்போது ஒரே ஒரு முறை விழும் சிறிய பாரம்.

ஆனால் சிறியது என்பதால் தவறானது என்று சொல்லிவிட முடியாது. எம்ஐடி பல்கலைக்கழக அறிஞர்கள் அர்னோ கோஸ்டினோவும் இவான் வெர்னிங்கும் அமெரிக்கத் தரவுகளை வைத்து, ரோபோவுக்கு எவ்வளவு வரி பொருத்தமாக இருக்கும் என்று கணக்கிட்டபோது அதன் மதிப்பில் 1 முதல் 3.7 சதவீதம் வரைதான் வந்தது. அதற்கு மேல் போனால், உற்பத்தியில் இழப்பது வருமானப் பங்கீட்டில் கிடைக்கும் நன்மையை விழுங்கத் தொடங்குகிறது. கொரியாவின் 2 சதவீதம் இந்த வரம்புக்குள் விழுகிறது.

இந்த வழிக்கு வரையறைச் சிக்கலும் குறைவு. சலுகை கோரும்போது எந்தக் கருவி என்று நிறுவனமே எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி ஆலைக்குள் போய் அச்சு எண்ணத் தேவையில்லை.

குறையும் வெளிப்படையானது. சலுகை என்று ஒன்று இருந்தால்தானே வெட்ட முடியும். முழுதும் வெட்டிய பிறகு இந்த வழி முடிந்துவிடும். வேகத்தையும் அது பெரிதாகத் தணிக்கவில்லை. 2017இல் கொரியாவில் 10,000 உற்பத்தித் தொழிலாளர்களுக்கு 710 ரோபோக்கள் இருந்தன. 2023இல் 1,012. இரண்டு ஆண்டுகளிலும் உலகிலேயே அதுதான் அதிகம்.

கூலியின் மேல் இருக்கும் பாரம்

இரண்டு தரப்பும் அதிகம் பேசாத மூன்றாவது வழி, மனித உழைப்பின் மீதுள்ள வரியைக் குறைப்பது. அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ, ஆண்ட்ரியா மனேரா மூவரும் அமெரிக்க வரி அமைப்பை அலசியபோது, உழைப்பின் மேல் 25 சதவீதத்துக்கும் அதிகமாக வரி விழுவதையும், இயந்திரம், மென்பொருள் மீதான வரி சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியிருப்பதையும் கண்டார்கள். விரைவுத் தேய்மானக் கழிவு இதற்கு முக்கியக் காரணம். இயந்திரத்தின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரிக்காமல் முதல் ஆண்டிலேயே முழுதாகக் கழித்துக்கொள்ள விட்டால், வரி பெருமளவு கரைந்துவிடும். இப்படிப்பட்ட அமைப்பில், ஆளைவிட இயந்திரம் திறமையாக வேலை செய்யாத இடத்திலும்கூட இயந்திரம் வாங்குவது நிறுவனத்துக்கு லாபமாகலாம். சமூகத்துக்கு அதனால் எந்த ஆதாயமும் இல்லை.

அதனால் என் வரிசை இது: முதலில் தேய்மானச் சலுகையையும் முதலீட்டுச் சலுகையையும் வெட்ட வேண்டும், அந்தப் பணத்தில் குறைந்த கூலிக்காரர்களின் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பை அரசு குறைக்க வேண்டும். நேரடி ரோபோ வரியைக் கடைசியில், அதுவும் தற்காலிகமாக மட்டுமே ஏற்பேன். இன்று திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்யும் வேலைகளில் இருக்கும் தலைமுறை ஓய்வுபெறும் வரைதான் அந்த வரி நியாயம், பிறகு அது பூஜ்ஜியமாக வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் குரெய்ரோ, ரெபெலோ, டெலஸ் ஆகியோரின் ஆய்வு சொல்கிறது. இனி வேலைக்கு வரப்போகும் இளைஞர் வேறு தொழில் கற்றுக்கொள்ள முடியும். 50 வயதில் அசெம்பிளி வரிசையில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. வசூலாகும் பணம் பொதுக் கணக்கில் கலக்காமல் அவருடைய ஊதிய இழப்பை ஈடுகட்டப் போகும்படி சட்டத்திலேயே எழுதப்பட்டால், அந்த வரியை நானும் ஆதரிப்பேன்.