30 நாளா, 7 நாளா? வறுமைக் கணக்கு மாறுவது எங்கே

கொழிஞ்சாம்பாறையில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வறுமையைக் கணக்கிட உதவும் வீட்டுச் செலவு ஆய்வுக்கு வந்தவர் "போன 30 நாளில் மீனுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் அந்த வீட்டு அக்கா யோசித்து 600 ரூபாய் என்பார். "போன 7 நாளில்?" என்றால் நாள் நாளாக எண்ணி 210 என்பார். அதை மாதமாக்கினால் 900. தலைக்கு 60 ரூபாய் கூடுகிறது.

2011-12இல் டெண்டுல்கர் குழுவின் முறையில் கேரளக் கிராமத்து வறுமைக் கோடு தலைக்கு மாதம் 1018 ரூபாய். முதல் கேள்வியில் மொத்தச் செலவு 1000 வந்தால் அந்த வீடு ஏழை. இரண்டாவதில் 1060, ஏழை இல்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை.

நினைவு: 30 நாளில் சில்லறைச் செலவு விடுபடும். 7 நாளில் மீன், காய்கறி, எண்ணெய் நன்றாக நினைவிருக்கும்.

சிக்கல்: 7 நாளில் விருந்து வந்துவிட்டால் அந்த வீட்டின் மாதக் கணக்கு வீங்கும். பல வீடுகளின் சராசரியில் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்திய அளவில் அதே ஆண்டு கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு பழைய 30 நாள் முறையில் சுமார் 1287, புது 7 நாள் முறையில் 1430.

வறுமையை மறுபடி கணக்கிட்ட ரங்கராஜன் குழு 7 நாள் முறையை எடுத்து, வறுமைக் கோட்டையும் உயர்த்தியது. டெண்டுல்கர் கணக்கில் 21.9 சதவீதமாக இருந்த வறுமை 29.5 ஆனது. பழைய கோட்டைப் புது ஆய்வில் வைத்தால் வறுமை தானாகக் குறைந்ததுபோல் தெரியும். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன்.

1993-94, 2004-05 ஆண்டுகளோடு ஒப்பிட 30 நாள் முறை. இன்றைய செலவை அறிய 7 நாள் முறை.