டிரிப்டோபான் தட்டுப்பாடு: ஈ. கோலையின் வழியும் ஈஸ்ட்டின் வழியும்

டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடைக்காமல் போனால், ஈ. கோலை பாக்டீரியாவும் ரொட்டி ஈஸ்ட்டும் அதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். தட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுக்க இரண்டுமே, தூது ஆர்என்ஏ என்ற மரபணு நகலைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோமின் ஓட்டத்தைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அந்தச் செய்தி மரபணுவைச் சென்றடையும் பாதை முற்றிலும் வேறு. உட்கரு இருப்பதும் இல்லாததும் என்ன மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்பதை இந்த ஜோடியைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஈ. கோலை. இங்கே டிஎன்ஏவைச் சுற்றி உறை கிடையாது. ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி டிஎன்ஏவிலிருந்து தூது ஆர்என்ஏவைப் படியெடுக்கத் தொடங்கியதுமே, வெளியே நீளும் முனையில் ரைபோசோம் ஏறிக்கொள்கிறது. பாலிமரேஸின் வேகம் வினாடிக்குச் சுமார் 45 எழுத்துகள். ரைபோசோம் வினாடிக்குச் சுமார் 15 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. ஒன்றுக்கு மூன்று எழுத்து என்று கணக்கிட்டால் அதுவும் அதே 45. டிஎன்ஏ இழையிலிருந்து தொங்கும் ஆர்என்ஏக்களில் ரைபோசோம்கள் வரிசையாக அமர்ந்திருப்பதை ஆஸ்கார் மில்லர் குழு 1970இல் மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்தது.

இந்த நெருக்கத்தைத்தான் டிரிப்டோபான் மரபணுத் தொகுதி பயன்படுத்திக்கொள்கிறது. சார்லஸ் யானோஃப்ஸ்கி பல ஆண்டுகள் உழைத்து வெளிப்படுத்திய பொறிமுறை இது. முதன்மை மரபணுக்களுக்கு முன்னால், வெறும் 14 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான செய்தி இருக்கிறது. அதில் டிரிப்டோபானைக் குறிக்கும் கோடான்கள், அதாவது மூன்றெழுத்துக் குறிகள், இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. இந்த முன்பகுதி ஆர்என்ஏவில் 1, 2, 3, 4 என நான்கு துண்டுகள். மூன்றும் நான்கும் இணைந்தால் கொண்டை ஊசி போன்ற வளைவு உருவாகி, பாலிமரேஸ் டிஎன்ஏவை விட்டுக் கழன்றுவிடும். இரண்டும் மூன்றும் முந்திக்கொண்டு இணைந்தாலோ அந்த வளைவு உருவாக வழியில்லை.

எது நடக்கும் என்பதை ரைபோசோம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. டிரிப்டோபான் தாராளமாக இருந்தால் அது இரட்டைக் கோடானைத் தாண்டி, இரண்டாம் துண்டின் ஒரு பகுதியை மூடிக்கொள்ளும். அப்போது மூன்றும் நான்கும் சேர, படியெடுத்தல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகும். தட்டுப்பாடு என்றால் ரைபோசோம் அந்த இரட்டைக் கோடானிலேயே தேங்கும். இரண்டாம் துண்டு மறைவின்றி இருப்பதால் மூன்றோடு சேர்ந்துவிடும், பாலிமரேஸும் முதன்மை மரபணுக்களுக்குள் போய்விடும். நான்காம் துண்டு வெளியே வருவதற்குள், சில வினாடிகளில், எல்லாம் முடிவாகிவிட வேண்டும். அதனால்தான் ஒன்றும் இரண்டும் இணையும் தற்காலிக வளைவில் பாலிமரேஸ் கொஞ்சம் தயங்கி நிற்கிறது. ரைபோசோம் வந்து வாசிக்கத் தொடங்கியதும் நகர்கிறது.

ரைபோசோம்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம்? குட்டிப் புரதத்தின் தொடக்கக் கோடானைச் சிதைத்தால், டிரிப்டோபான் இல்லாத நிலையிலும் படியெடுத்தல் முன்பகுதியிலேயே பெருமளவு நின்றுவிடுகிறது. வாசிக்க ஆளில்லாவிட்டால் பசியின் செய்தி பாலிமரேஸுக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஈஸ்ட்டில் இந்த உத்தி பலிக்காது. பாலிமரேஸ் உட்கருவுக்குள், ரைபோசோம் வெளியே. தூது ஆர்என்ஏ முழுமையாகி, முனையில் தொப்பி பொருத்தப்பட்டு, தேவையற்ற இடைப்பகுதிகள் இருந்தால் வெட்டப்பட்டு, துளை வழியே வெளியேறிய பிறகுதான் வாசிப்பு தொடங்கும். இந்தப் பிரிவினைக்கு ஒரு நல்ல பயன் உண்டு: வெட்டப்படாத செய்தியை ரைபோசோம் படித்தால் இடைப்பகுதியில் நுழைந்து பிழையான புரதத்தையே செய்யும்.

ஆகவே ஈஸ்ட் சுற்றிவளைத்துச் செயல்படுகிறது. ரைபோசோமுக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் கடத்து ஆர்என்ஏக்கள் பசியில் சுமையின்றிக் குவிய, ஜிசிஎன்2 என்ற நொதி விழித்து, புதிய வாசிப்பைத் தொடங்கும் காரணியை முடக்குகிறது. ஜிசிஎன்4 என்ற புரதத்தின் தூது ஆர்என்ஏவில் முதன்மைச் செய்திக்கு முன் நான்கு சிறிய வாசிப்புப் பகுதிகள் உள்ளன. வழக்கமான நாளில், முதலாவதை முடித்த ரைபோசோம் விரைவில் மறுபடி தயாராகி நான்காவதில் சிக்கிக் கழன்றுவிடும். காரணி குறைந்தால் தயாராகத் தாமதமாகி, நான்காவதைக் கடந்து முதன்மைச் செய்தியில் தொடங்கும். இப்படி உருவாகும் ஜிசிஎன்4 உட்கருவுக்குள் சென்று, பல அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் உட்பட நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

வேகத்திலும் சிக்கனத்திலும் ஈ. கோலையின் வழியே மேல் என்பேன். அதற்குத் தனித் தூதுப் புரதம் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அந்த முன்பகுதி தன்னைத் தொடரும் மரபணுக்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரே பசிக்கு மொத்தச் செல்லையும் தயார்ப்படுத்துவதில் ஈஸ்ட்டின் நீண்ட பாதை முந்துகிறது.

உட்கரு இல்லையென்றாலே பாலிமரேஸும் ரைபோசோமும் சேர்ந்தோடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் பாலிமரேஸ் ரைபோசோமைவிட மிக வேகமாக ஓடி, அதைப் பின்தங்கவிடுகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே டிரிப்டோபான் தொகுதியைக் கட்டுப்படுத்துவது ரைபோசோமின் தேக்கம் அல்ல. டிராப் என்ற வளையப் புரதம் டிரிப்டோபானைப் பற்றிக்கொண்டு, முன்பகுதி ஆர்என்ஏவைத் தன்னைச் சுற்றிக் கட்டி, படியெடுத்தலை நிறுத்துகிறது.