65 இன்ச் ஐபிஎஸ்ஸா, 55 இன்ச் விஏவா? வாங்கிச் சில வருடம் ஓட்டிய பிறகு

கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு டிவி கடைசிச் சுற்றுக்கு வந்தன, இரண்டும் இரு வேறு வகை எல்சிடி திரை. ஒன்று 65 இன்ச், ஐபிஎஸ் பேனல். இன்னொன்று 55 இன்ச், விஏ பேனல், இருட்டான பகுதிகளில் மட்டும் பின்விளக்கைக் குறைக்கும் லோக்கல் டிம்மிங்கும் உண்டு. படத்தரம் மட்டும் என்றால் இரண்டாவதுதான் உசத்தி. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதாவது கான்ட்ராஸ்ட், ஐபிஎஸ்ஸில் 1000:1 பக்கம் நிற்கும், விஏவில் 3000:1-ஐத் தாண்டுவது சாதாரணம். நாங்கள் வாங்கியது முதலாவதை.

காரணம் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான். சோபா திரையிலிருந்து 2.7 மீட்டர். அந்தத் தூரத்தில் 65 இன்ச் பார்வையில் ஏறக்குறைய 30 டிகிரி அகலத்தை அடைக்கும், 55 இன்ச் 25-தான். அதைவிட முக்கியம், இரண்டு நாற்காலிகள் பக்கவாட்டில், கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வில் கிடக்கின்றன. விஏவை அங்கிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாகி, முகத்தின் நிறம் வெளிறிவிடும், ஐபிஎஸ்ஸில் நிறம் அவ்வளவு மாறாது. கடையில் நேர் எதிரே நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. முகம் நெருக்கமாக வரும் காட்சியை ஓடவிட்டு, அப்படியே பக்கவாட்டில் நடந்துபோய்ப் பாருங்கள். அதற்கு முன் கண்ணைப் பறிக்கும் 'விவிட்' மோடை மாற்றி சினிமா மோடில் வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனை நாள் ஓட்டியதில், பக்க நாற்காலிக்காரர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை. பகலிலும் விளக்கு எரியும்போதும் படம் நன்றாகவே இருக்கிறது. இடிப்பது இரவில்தான். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. டிவிக்குப் பின்னால் சுவரை நோக்கி ஒரு சின்ன வெள்ளை விளக்கு வைத்ததும் கண்ணுக்கு அந்தச் சாம்பல் பாதி மறைந்துவிட்டது. தனியாக, இருட்டில், நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விஏ வாங்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் ஓலெட் இருக்கிறது, ஆனால் இதே அளவில் விலை எங்கேயோ போய்விடுகிறது.

நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரைக்காகக் கூடுதலாகக் கொடுக்காததில் வருத்தமில்லை, வீட்டில் கேம் கன்சோல் கிடையாது. வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாகக் காட்டும் எச்டிஆரின் முத்திரையும் அப்படித்தான்: சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதைக் காட்டும் அளவு வெளிச்சம் இந்த விலைப் பேனல்களில் இல்லை. டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்கள் நாளாக நாளாக மந்தமாகிவிட்டன, இப்போது எல்லாம் தனியாகச் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில்தான் ஓடுகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே சீரிஸில் ஒரு அளவுக்கு ஐபிஎஸ்ஸும் அடுத்த அளவுக்கு விஏவும் வருவது சகஜம். சீரிஸ் பெயரை வைத்து விமர்சனம் படிக்காமல், நீங்கள் வாங்கப்போகும் இன்ச்சின் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.